வயிற்றில் கோடு, அடியில் புள்ளி

வங்காளத்துக்கும் அஸ்ஸாமியத்துக்கும் எழுத்து ஒன்றுதான் என்று சொல்வோர் உண்டு. ஒன்றல்ல, இரண்டு என்று வாதிடுவோரும் உண்டு. இரு தரப்பாரிடமும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் அச்சுக்கோப்பாளரின் மேசைக்கு வந்து சேரும்போது இந்த வாதம் இரண்டே எழுத்துகளாகச் சுருங்கிவிடுகிறது. உயிர்க்குறிகளும் பெரும்பாலான மெய்களும் கூட்டெழுத்துகளும் இரு மொழிகளுக்கும் பொது. ‘ர’ என்ற ஒலிக்கும் ‘வ’ என்ற ஒலிக்கும் உள்ள எழுத்துகள்தாம் வேறு. இந்த இரண்டும் ஒரு கவிதைத் தொகுப்பின் பக்கங்களில் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதைச் சில மாதங்கள் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் பணி நிமித்தம் குவாஹாத்தியிலும் பிறகு கொல்கத்தாவிலுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள். அஸ்ஸாமியத்தை அண்டை வீட்டாரிடமும் வங்காளத்தைச் சிறுபத்திரிகை நண்பர்களிடமும் கற்றோம். அந்த நண்பர்கள் ஓர் அஸ்ஸாமியக் கவிஞரின் தேர்ந்தெடுத்த கவிதைகளைக் கொண்டுவரத் திட்டமிட்டபோது மெய்ப்புப் பார்க்கும் வேலை எங்களிடம் வந்தது. புத்தகத்தின் அமைப்பு இதுதான்: இடப்பக்கத்தில் அஸ்ஸாமிய மூலம், வலப்பக்கத்தில் வங்காள மொழிபெயர்ப்பு. கடைசியில் ஒரு பின்னிணைப்பு. அதில் 12 கவிதைகளின் அஸ்ஸாமிய மூலம் வங்காள எழுத்தில் இருக்கும். மொழி அரைகுறையாகப் புரிந்தாலும் வங்காள வாசகர் கவிதையை வாய்விட்டுப் படித்து அதன் ஓசையைக் கேட்க வேண்டும் என்பது பதிப்பாசிரியரின் ஆசை. ஆக, ஒரே கோப்புக்குள் மூன்று வகை உரைகள். வேலையை ஏற்றவர் கொல்கத்தாவில் நெடுங்காலம் அச்சுக்கோப்பு செய்துவரும் ஒரு வங்காளி. ஈய எழுத்துகளில் கை பழகி, பிறகு கணினிக்கு மாறியவர்.

முதலில் எழுத்துகளின் முகத்தைப் பார்த்துவிடலாம். வங்காள ‘ப’ ஒரு முக்கோணம், தலையில் கிடைக்கோடு: ব. இந்த எழுத்துக்கு ‘புத்தகம்’ என்பதன் முதலொலியல்ல, ‘பாலன்’ என்ற வடசொல்லின் கனத்த ஒலி. இந்த முக்கோணத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்தால் வங்காள ‘ர’: র. புள்ளிக்குப் பதில் முக்கோணத்தின் வயிற்றுக்குள் ஒரு சாய்கோடு இழுத்தால் அஸ்ஸாமிய ‘ர’: ৰ. சாய்கோட்டை வயிற்றுக்குள் இழுக்காமல் அடியில் இழுத்தால் அஸ்ஸாமிய ‘வ’: ৱ. வங்காளத்தில் இன்று ‘வ’வுக்குத் தனியெழுத்து கிடையாது. நான்குக்கும் உடல் ஒன்று. கோடும் புள்ளியும் விழும் இடம்தான் வேறு. பழைய வங்காளக் கைப்பிரதிகளைப் புரட்டியவர்களுக்கு, வயிற்றுக்கோடு போட்ட ‘ர’ ஒரு காலத்தில் வங்காளத்திலும் புழங்கியது தெரியும். அச்சு நிலைபெற்றபோது ஒரு மொழி புள்ளியை வைத்துக்கொண்டது, மற்றது கோட்டை வைத்துக்கொண்டது.

எங்கள் அச்சுக்கோப்பாளர் கணினியில் வங்காள விசைப்பலகையை மட்டுமே அறிந்தவர். அஸ்ஸாமியக் கவிதைகளையும் அதிலேயே அடித்தார். ‘ர’ வருமிடமெல்லாம் புள்ளி ‘ர’ விழுந்தது. பிறகு திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கண்ணில் பட்ட புள்ளி ‘ர’வையெல்லாம் கோட்டு ‘ர’வாக மாற்றினார். பொறுமையான வேலை. முதல் மெய்ப்பு எங்கள் கைக்கு வந்தபோது இடப்பக்கங்களில் ஒரு புள்ளி ‘ர’கூட இல்லை. இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். காகிதத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

சிக்கல் காகிதத்தில் இருக்கவில்லை. புத்தகத்தின் மின்வடிவத்தைப் பார்வையிட்ட கவிஞரின் மகள் ‘ப்ரேம்’ என்ற சொல்லைத் தேடினார். காதலைப் பற்றிப் பாதிப் புத்தகம் எழுதிய மனிதரின் தொகுப்பில் அந்தச் சொல் எங்குமே இல்லை என்றது கணினி. ‘தர்ம’ என்று தேடினார். அதுவும் இல்லை. பக்கத்தைத் திறந்தால் இரண்டு சொற்களும் கண்ணெதிரே இருக்கின்றன.

காரணத்தைப் புரிந்துகொள்ள, ‘ர’ இந்த எழுத்துமுறையில் எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தனியாக வரும்போதுதான் அது முக்கோணம். இன்னொரு மெய்க்கு முன்னால் உயிரற்று வந்தால், ‘தர்ம’வில் வருவதுபோல, அடுத்த எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கீற்றாக ஏறிக்கொள்ளும். இதை ரேஃப் என்பார்கள். இன்னொரு மெய்க்குப் பின்னால் ஒட்டி வந்தால், ‘ப்ரேம்’இல் வருவதுபோல, அந்த மெய்யின் காலடியில் ஓர் அலைக்கோடாக ஒதுங்கிவிடும். இதற்கு ர-ஃபலா என்று பெயர். இந்த இரண்டு வடிவங்களிலும் முக்கோணமும் இல்லை, புள்ளியும் இல்லை, வயிற்றுக்கோடும் இல்லை. எனவே வங்காளத்தில் எழுதினாலும் அஸ்ஸாமியத்தில் எழுதினாலும் அவை ஒரே மாதிரிதான் தெரியும். ধর্ম என்பது வங்காளம், ধৰ্ম என்பது அஸ்ஸாமியம். প্রেম என்பது வங்காளம், প্ৰেম என்பது அஸ்ஸாமியம். வாசகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பயனில்லை.

கணினிக்கோ இவை வேறு வேறு சொற்கள். ஒருங்குறியில் புள்ளி ‘ர’வின் எண் U+09B0. கோட்டு ‘ர’வின் எண் U+09F0. கீற்றாக ஏறினாலும் அலையாக இறங்கினாலும் உள்ளே இருப்பது இந்த எண்களில் ஒன்று. அச்சுக்கோப்பாளர் கண்ணுக்குத் தெரிந்த ‘ர’க்களை மாற்றினார். கண்ணுக்குத் தெரியாதவை வங்காள ‘ர’வாகவே தங்கிவிட்டன. தமிழில் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்துவிட்டு, ஔவையார் ஏன் தேடலில் அகப்படவில்லை என்று திகைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது போன்றதுதான் இது. ஒரே வேறுபாடு, இங்கே பிழை சில சொற்களில் அல்ல, வடமொழிச் சொற்கள் நிறைந்த ஒரு மொழியின் ஒவ்வொரு வரியிலும் ஒளிந்திருக்கிறது.

இதைக் கண்ணால் பிடிக்க முடியாதென்றால் வேறெப்படிப் பிடிப்பது? அஸ்ஸாமிய உரையை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, அதில் U+09B0 எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் போதும். தூய அஸ்ஸாமிய உரையில் விடை பூஜ்யமாக இருக்க வேண்டும். எங்களில் ஒருவருக்குக் கொஞ்சம் பைத்தான் நிரல் எழுதத் தெரியும் என்பதால், எண்ணுவதோடு நிற்காமல் சொற்களையே பட்டியலிட்டோம்:

```
t = open("asamiya.txt", encoding="utf-8").read()
for w in sorted(set(t.split())):
    if "\u09B0" in w or "\u09AC\u09BC" in w:
        print(w)
```

பட்டியல் நீண்டது. அதில் வந்த சொற்களில் ஏறக்குறைய எல்லாமே தலையில் கீற்றோ காலில் அலையோ உள்ளவை. நிரலில் இரண்டாவதாக ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். சில தட்டச்சர்கள் புள்ளி ‘ர’வை நேராக அடிக்காமல், ‘ப’ முக்கோணத்தை அடித்துவிட்டு அதனடியில் வைக்கும் புள்ளிக்குறியைத் தனியே சேர்ப்பார்கள். பார்வைக்கு அது ‘ர’வேதான். ஆனால் ஒருங்குறி அந்த இரட்டையை ‘ர’வுக்குச் சமமாகக் கொள்வதில்லை. ‘ர’வைத் தேடுகிற எந்தத் தேடலிலும் அது சிக்காது. எங்கள் கோப்பில் அப்படி மூன்று சொற்கள் இருந்தன. கவிஞர் மின்னஞ்சலில் பிறகு அனுப்பிய ஒரு கவிதையோடு வந்தவை அவை.

“எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடுகிறேன் தாதா, ஒரு நிமிட வேலை” என்றார் அச்சுக்கோப்பாளர். மாற்றுக் கட்டளை எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது என்பதால் கீற்றும் அலையும்கூட அதற்குத் தப்பாது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் வலப்பக்கத்து வங்காள மொழிபெயர்ப்பு முழுவதும் வயிற்றுக்கோடு வாங்கிக்கொண்டிருக்கும். இடப்பக்கங்களிலும் ஆபத்து இருந்தது. கவிஞர் இரண்டு கவிதைகளின் முகப்பில் வங்காள வரிகளை மேற்கோளாக வைத்திருந்தார். அந்த வரிகளில் புள்ளி ‘ர’ இருப்பதுதான் சரி.

எனவே மாற்றுவதற்கு முன்பு பிரிக்க வேண்டியிருந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளில் அஸ்ஸாமிய மூலத்துக்கு ஒரு பத்திப் பாணி, வங்காள மொழிபெயர்ப்புக்கு ஒன்று, மேற்கோள்களுக்கு ஒன்று, பின்னிணைப்புக்கு ஒன்று என நான்கு வகுத்து, ஒவ்வொரு பத்தியையும் அதனதன் பாணியில் அமர்த்தினார் அவர். இதற்கு ஒரு நாள் ஆனது. அதன்பிறகு அஸ்ஸாமியப் பாணிக்குள் மட்டும் மாற்றுக் கட்டளையை ஓட்டினார். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆனது. எங்கள் நிரலை மறுபடி ஓட்டினோம். ஒரு சொல்லும் வரவில்லை. மகளின் தேடலில் ‘ப்ரேம்’ கிடைத்தது.

இந்த இரண்டு ‘ர’க்களும் எப்போதுமே கணினியில் இரண்டு எண்களாக இருந்ததில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையில், இந்திய மொழிகள் அனைத்தின் ‘ர’வுக்கும் ஒரே எண். எந்த மொழி என்று சொல்லும் ஒரு குறி உரையின் முன்னால் வரும். வங்காளக் குறி இருந்தால் அந்த எண் புள்ளி ‘ர’வாகவும், அஸ்ஸாமியக் குறி இருந்தால் கோட்டு ‘ர’வாகவும் காட்சியளிக்கும். ‘வ’வுக்கும் அதே ஏற்பாடுதான். அந்த முறையில் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி இல்லாமலே போயிருக்கும். ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு. மொழிக்குறி எங்காவது உதிர்ந்துவிட்டால் அஸ்ஸாமியக் கவிதை வங்காள முகத்தோடு எழுந்து நிற்கும்.

ஒருங்குறி வேறு வழியை எடுத்தது. இரு மொழிகளையும் ‘வங்காளம்’ என்ற பெயருள்ள ஒரே தொகுதியில் வைத்து, அஸ்ஸாமியத்துக்கே உரிய இரண்டு எழுத்துகளையும் அந்தத் தொகுதியின் பின்பகுதியில், மெய்களுக்கும் இலக்கங்களுக்கும் பின்னால், U+09F0, U+09F1 என்று சேர்த்தது. தேவநாகரித் தொகுதியில் ‘வ’ இருக்கும் இடத்துக்கு நேரான இடம் வங்காளத் தொகுதியில் U+09B5. அந்த இருக்கை இன்றும் காலியாகவே கிடக்கிறது. அஸ்ஸாமிய ‘வ’ அங்கே உட்காரவில்லை. போதாக்குறைக்கு U+09F1-இன் அதிகாரபூர்வப் பெயர் இப்படி இருக்கிறது: `BENGALI LETTER RA WITH LOWER DIAGONAL`. ‘வ’வின் பெயரில் ‘ர’ என்றிருக்கிறது. ஒருங்குறியின் முதற்பதிப்பில் இதை ‘வ’ என்றே சரியாகக் குறித்திருந்தார்கள். பின்னர் மாறிய பெயரை இனித் திருத்த முடியாது. எழுத்துகளுக்கு ஒருமுறை நிலைத்துவிட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்களுடைய விதி. நடைமுறையில் இதனால் வரும் கேடு, பெயரை மட்டும் படித்துவிட்டு மாற்றுப்பட்டியல் தயாரிக்கும் ஒருவர் இரண்டு கோட்டெழுத்துகளையும் வங்காள ‘ர’வாக மாற்றிவிடுவதுதான். குவாஹாத்தி அப்போது ‘குராஹாத்தி’ ஆகிவிடும்.

பின்னிணைப்புக்கு வருவோம். அங்கே வேலை தலைகீழ். அஸ்ஸாமிய மூலத்தை வங்காள எழுத்துக்கு மாற்ற வேண்டும். கோட்டு ‘ர’வைப் புள்ளி ‘ர’வாக்குவது எளிது. ஒன்றுக்கு ஒன்று. வேண்டுமானால் அதே வழியில் திரும்பியும் வரலாம். ‘வ’வுக்கு எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

அஸ்ஸாமில் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் பரூவா என்று எழுதுவது. அஸ்ஸாமியத்தில் বৰুৱা. இந்தச் சிறு சொல்லில் முக்கோணம் மூன்று முறை வருகிறது: முதலில் வெறும் ‘ப’, அடுத்து வயிற்றுக்கோட்டு ‘ர’, அதன்பின் அடிக்கோட்டு ‘வ’. எண்களாக எழுதினால் U+09AC, U+09F0, உகரக்குறி U+09C1, U+09F1, ஆகாரக்குறி U+09BE. வங்காளத்தில் ‘வ’ இல்லையே, உருவத்தில் நெருங்கியது ‘ப’தானே என்று அச்சுக்கோப்பாளர் முதலில் অதனையே வைத்தார். வந்த சொல் বরুবা. வங்காள வாசகர் இதை ‘பொருபா’ என்று படிப்பார். அப்படி ஒரு பெயர் உலகில் இல்லை. வங்காளிகள் வழக்கமாக எழுதும் முறை வேறு: বড়ুয়া. இதில் ‘வ’ போய் ‘ய’ வந்திருக்கிறது. ‘ர’வும் போய், நாமடித்துச் சொல்லும் இன்னொரு ‘ட’கரச் சாயல் ‘ர’ வந்திருக்கிறது. வங்காளக் காதுக்கு அது சரியான ஒலி. ஆனால் இது எழுத்துமாற்றம் அல்ல, வேறு எழுத்துக்கூட்டல். எந்த அட்டவணையாலும் முன்னதிலிருந்து பின்னதை வருவிக்க முடியாது. குவாஹாத்திக்கும் அதே கதைதான். அஸ்ஸாமியத்தில் গুৱাহাটী, வங்காள நாளிதழ்களில் গুয়াহাটি. இங்கும் ‘வ’வின் இடத்தில் ‘ய’ நிற்கிறது, கடைசி நெடில் குறிலாகியிருக்கிறது.

பெயர்களோடு முடிந்தால் ஓர் அகராதி போட்டுச் சமாளிக்கலாம். வினைச்சொற்களில்தான் நிலைமை கைமீறுகிறது. அஸ்ஸாமியத்தில் நெருங்கியவரிடம் ‘போ’ என்று சொல்ல ‘ஜோவா’, যোৱা. ‘போவாய்’ என்று சொல்ல ‘ஜாபா’, যাবা. முன்னதில் ‘வ’, பின்னதில் ‘ப’. பெரும்பாலான வினைகளில் எதிர்காலத்தின் அடையாளமே அந்த ‘ப’தான். இரண்டையும் ஒரே முக்கோணமாக்கிவிட்டால் பக்கம் பார்க்க வங்காளமாக இருக்கும், ஆனால் எது ‘வ’, எது ‘ப’ என்ற தகவல் அழிந்துவிடும். நாளை யாரேனும் இந்தப் பின்னிணைப்பிலிருந்து அஸ்ஸாமிய எழுத்துக்குத் திரும்ப நினைத்தால் என்ன செய்வார்கள்? உயிரொலிக்குப் பின் வரும் முக்கோணமெல்லாம் ‘வ’ என்று விதி செய்தால் ‘ஜாபா’ ‘ஜாவா’வாகிக் கெடும். எல்லாம் ‘ப’ என்று விதி செய்தால் ‘ஜோவா’ ‘ஜோபா’வாகிக் கெடும். இடத்தை வைத்துச் சொல்லும் எந்த விதியும் இங்கே நிற்காது. மொழி தெரிந்த ஒருவர் சொல் சொல்லாக உட்கார்ந்து பார்ப்பது ஒன்றே வழி.

இந்தக் கட்டத்தில் கவிஞரிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. குடும்பப் பெயர் மேலே சொன்ன அதே பெயர்தான். தொலைபேசியில் நாங்கள் மூன்று வழிகளைச் சொன்னோம். ‘வ’வை ‘ப’வாக்கலாம். வங்காள வழக்கப்படி ‘ய’வையும் ‘ஓ’வையும் கொண்டு எழுதலாம். அல்லது ‘ர’வை மட்டும் மாற்றிவிட்டு ‘வ’வை அப்படியே விடலாம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் ஆசிரியருக்கு ஆசிரியரானவர் பள்ளியில் தன் பெயரை வங்காளத்தில்தான் எழுதக் கற்றார்” என்றார்.

அது வெறும் குடும்பக் கதையன்று. 1836-இல் ஆங்கில ஆட்சி அஸ்ஸாமின் நீதிமன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் வங்காளத்தையே மொழியாக்கியது. அஸ்ஸாமியம் வங்காளத்தின் ஒரு வட்டார வழக்கு என்ற எண்ணம் அதிகாரிகளிடையே இருந்தது. அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரிமார்கள் 1846-இல் சிவசாகரிலிருந்து ‘ஒருநோதய்’ என்ற இதழை அஸ்ஸாமியத்தில் அச்சிடத் தொடங்கினார்கள். அவர்களும் உள்ளூர் அறிஞர்களும் வாதாடி, 1873-இல்தான் அஸ்ஸாமியம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. இடையில் சென்றவை 37 ஆண்டுகள். இந்த வரலாற்றைச் சுமக்கும் ஒரு மொழியில் ‘வ’வின் அடிக்கோடு வெறும் அச்சு நுணுக்கமாக இருக்க முடியாது. அஸ்ஸாமிய எழுத்துக்கு ஒருங்குறியில் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கை அங்கே உணர்ச்சியோடு எழுந்ததற்கும் அது ஏற்கப்படாதபோது பலர் மனம் நொந்ததற்கும் பின்னணி இதுவே. ஒரே தொகுதியில் இருப்பதால் எந்த எழுத்தையும் அடிக்க முடியாமல் போவதில்லை என்ற பதில் தொழில்நுட்ப அளவில் சரியானது. காயம் தொழில்நுட்பத்தில் ஏற்பட்டதல்ல.

கவிஞரின் விருப்பம் மூன்றாவது வழி. ‘ர’வுக்குப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், என் பாட்டன்மார்களின் ஏடுகளிலும் ‘ர’வுக்குப் பல முகங்கள் இருந்தன, ‘வ’வை மட்டும் தொடாதீர்கள் என்றார். எங்களுக்கும் அதுவே ஏற்புடையதாக இருந்தது. உணர்வுக் காரணத்தோடு ஒரு நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொண்டது. ‘வ’ தன் எண்ணோடு அப்படியே இருந்தால் பின்னிணைப்பிலிருந்து அஸ்ஸாமியத்துக்குத் திரும்ப ஒரே ஒரு மாற்றுக் கட்டளை போதும். எதுவும் அழிவதில்லை.

அச்சுக்கோப்பாளர்தான் தயங்கினார். “வங்காளிப் பக்கத்தில் இந்த எழுத்தைப் பார்த்தால் அச்சுப்பிழை என்பார்கள் பௌதி. என் பெயர் கெடும்” என்றார். தயக்கம் நியாயமானது. அதற்காகப் பின்னிணைப்பின் தலைப்பின் கீழ், இந்த எழுத்து அஸ்ஸாமிய ‘வ’ என்றும், வங்காளத்தில் ‘ஓயா’ என்று எழுதும் இடத்தில் வரும் ஒலியே இது என்றும் இரண்டு வரிகள் சேர்த்தோம். அவர் பயன்படுத்திய வங்காள எழுத்துருவில் அடிக்கோட்டு ‘வ’ இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் கோடு மயிரிழையாக இருந்தது. சிறிய அளவில் அச்சிட்டால் கோடு தேய்ந்து வெறும் ‘ப’வாகிவிடும். இரு மொழிகளுக்கும் சமமாக வடிவமைத்த வேறொரு எழுத்துருவுக்குப் பின்னிணைப்பை மாற்றினார். மாற்றியபின் ஒரு பக்கத்தை நகலெடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்து, கோடு பிழைத்திருக்கிறதா என்று பார்த்தார். ஈய எழுத்துக் காலத்துச் சோதனை அது. கோடு பிழைத்திருந்தது.

கடைசியாகச் சொல்லடைவு. கணினியிடம் சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அது எண் வரிசையையே பின்பற்றும். அஸ்ஸாமிய நெடுங்கணக்கில் ‘ர’ ‘ய’வுக்கும் ‘ல’வுக்கும் நடுவே இருப்பது. ‘வ’ ‘ல’வுக்கும் ‘ஶ’வுக்கும் நடுவே. எண் வரிசையிலோ இரண்டும் ‘ஹ’வையும் தாண்டி வாலில் நிற்கின்றன. அதனால் ‘ர’வில் தொடங்கும் கவிதைகள் எல்லாம் அடைவின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தன. ராத்ரி என்ற சொல்லைத் தேடும் அஸ்ஸாமிய வாசகர் ‘ய’வுக்கு அடுத்த பக்கத்தில் பார்ப்பார், காணாமல் மூடிவிடுவார். சொல்லின் நடுவில் ‘ர’ வரும் இடங்களிலும் இதே குளறுபடி உண்டு, அது சீக்கிரம் கண்ணில் படாது. வரிசைப்படுத்தும் மொழியை அஸ்ஸாமியம் என்று குறிப்பிட்டுச் செய்தபோது முறையான வரிசை கிடைத்தது. அப்போதும் ஒளிந்திருந்த வங்காள ‘ர’க்களை முன்பே களைந்திருந்தது உதவியது. இல்லையென்றால் ஒரே சொல் இரண்டு எண்களோடு அடைவில் இருமுறை வந்திருக்கும்.

புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகும் அந்த அச்சுக்கோப்பாளருக்கு அவ்வப்போது அஸ்ஸாமிய வேலைகள் வருகின்றன. இப்போது அவர் அஸ்ஸாமிய விசைப்பலகையைக் கற்றுக்கொண்டுவிட்டார். கோப்பு கைக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது பக்கத்தைப் படிப்பதல்ல. தேடல் பெட்டியைத் திறந்து புள்ளி ‘ர’வை இட்டு, எத்தனை என்று எண்ணச் சொல்கிறார். பூஜ்யம் வந்தால்தான் தேநீர்.